மாப்ள, மொய் நோட்டு வாங்குறதுக்கு முந்தி சீட்டுக் கணக்கு போடு

என்னா மாப்ள, பொண்ணு கல்யாணத்துக்குச் சீட்டுல சேரப் போறியாமே? சங்கராபுரம் கடைவீதி முழுக்க இதே பேச்சா கெடக்குது. 2 லட்ச ரூபா சீட்டு, மாசம் 5,000, 40 பேரு, 40 மாசம். சீட்டு பிடிக்கிறவரு உன் மளிகைக் கடை வாசல்ல டீயைக் குடிச்சிட்டு, “உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி”ன்னு சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்கு நீ ரெண்டு சீட்டு கேட்டியாம். அவரு இன்னொரு டீ குடிச்சிருந்தா கடைச் சாவியையும் கொடுத்திருப்ப போல.

அரைக் கிலோ வெல்லத்துக்கு மூணு தடவை தராசைப் பாக்குற ஆளு நீ. கல்வராயன் மலையில இருந்து கடுக்காயும் புளியும் மூட்டையா இறங்குனா, உள்ள கைய விட்டு ஈரம் இருக்குதான்னு பாத்துட்டுத்தான் விலையே பேசுவ. அப்பேர்ப்பட்டவன் 2 லட்ச ரூபா சீட்டுல கைய விட்டுப் பாக்காம சேருறேங்குற. நான் நாலாங்கிளாசு படிச்சவன், எனக்கு என்னா தெரியும்? ஆனா கூட்டல் கழித்தல் அந்த நாலாங்கிளாசுலயே முடிஞ்சி போச்சி. அது போதும் இதுக்கு. அந்தச் சிட்டையை எடு, பின்பக்கம் எழுது.

சீட்டு எப்பிடி நடக்குதுன்னு உனக்குத் தெரியும்னு சொல்லுவ. இருந்தாலும் ஒருக்கா சொல்றேன், என் திருப்திக்கு. மாசா மாசம் 40 பேரும் போடுறது சேந்து 2 லட்சம். அந்த மாசம் யாருக்கு அவசரமோ அவன் தள்ளிக் கேக்குறான். “60,000 தள்ளிட்டு எடுத்துக்குறேன்”னு ஒருத்தன் சொன்னா, அவன் கைக்கு 1,40,000 போவும். தள்ளுன 60,000-ல சீட்டு பிடிக்கிறவரு கமிஷன் நூத்துக்கு அஞ்சுன்னா 10,000 போச்சி. மிச்சம் 50,000-ஐ 40 பேரும் பங்கு போட்டா ஆளுக்கு 1,250. அதனால அந்த மாசம் நீ 5,000 கட்ட வேணாம், 3,750 கட்டுனா போதும். இந்த 1,250-ஐப் பாத்துத்தான் உன் வூட்டுக்காரி மூஞ்சி மலர்ந்துச்சாம். மலரட்டும், தப்பில்ல.

போவப் போவ ஆளு கொறையும், அவசரமும் கொறையும், தள்ளுறதும் கொறையும். 40-வது மாசம் கேக்குறதுக்கு ஆளே இருக்காது, நீ ஒருத்தன்தான். அப்ப கமிஷன் 10,000 மட்டும் போவும், உன் கைக்கு 1,90,000 வரும். கமிஷனுக்கு ஜிஎஸ்டி வேற கேப்பாங்க, அதை விட்டுருவோம். பேரம் பேசுறப்ப சில்லறையைக் கண்டுக்கக் கூடாது.

இப்ப நீ என்னா சொல்ற? “எனக்கு அவசரம் இல்ல மாமா, கல்யாணம் வர்ற வரைக்கும் கடைசியில எடுக்குறேன், அப்பத்தான் லாபம்.” சரி. மொதல் மாசம் 1,250 கழிவு, கடைசி மாசம் ஒண்ணும் இல்ல, நடுவுல படிப்படியா இறங்குதுன்னு வச்சிக்க. சராசரி மாசம் 625. 40 மாசத்துக்கு 25,000 கழிவு. நீ கட்டுனது 2 லட்சத்துல 25,000 போவ 1,75,000. வாங்குனது 1,90,000. லாபம் 15,000.

“பாத்தியா மாமா, 15,000!”ன்னு குதிக்காத. 40 மாசமா உன் பணம் அங்க கெடந்துச்சே, அதுக்கு வட்டி போட்டுப் பாரு. வருசத்துக்கு நூத்துக்கு அஞ்சரைதான் வருது. அதே 1,75,000-ஐ மாசம் 4,375-ஆ ஒரு பேங்குல ஆர்டி போட்டு, வட்டி ஆறரைன்னு வச்சா, 40 மாசத்துல 1,95,700 வந்து நிக்கும். சீட்டை விட அஞ்சாயிரத்துச் சொச்சம் சாஸ்தி. டீ குடிக்க யாரும் வாசலுக்கு வர மாட்டாங்க, அதான் கொறை.

“எங்க சீட்டுல அதை விட நல்லாத் தள்ளுவாங்க மாமா”ன்னு சொல்லுவ. தெரியும், அதுக்குத்தான் வர்றேன். மொதல் மாசம் 60,000-க்குப் பதிலா 80,000 தள்ளுறாங்கன்னு வையி. பதிவான சீட்டுல இதுக்குச் சட்டம் ஒரு வரம்பு வச்சிருக்குது, ஊர்ச் சீட்டுல வரம்பு பொண்டாட்டி சத்தம் போடுற வரைக்கும்தான். அப்ப ஆளுக்குக் கழிவு 1,750. அது இறங்கி இறங்கி முடிஞ்சா, நீ மொத்தம் கட்டுறது 1,65,000, வாங்குறது அதே 1,90,000. வட்டி வருசத்துக்குப் பத்து வந்துருச்சி. எந்த ஆர்டியும் இது கொடுக்காது. இப்பக் குதி.

குதிச்சாச்சா? இப்ப உக்காரு. அந்தப் பத்து வட்டி யார் வூட்டுப் பணம்? சீட்டு பிடிக்கிறவரு பையில இருந்து எடுத்துக் குடுக்கலை. பேங்குக்காரன் மாதிரி எங்கியோ கடன் கொடுத்து சம்பாதிச்சும் குடுக்கலை. 2 லட்ச ரூபாய்க்கு 80,000 தள்ளிட்டு ஒருத்தன் 1,20,000 தூக்கிட்டுப் போனான் பாரு, அவன் தலையில இருந்துதான் வந்துச்சி. அவன் ஏன் அம்மாம் தள்ளுனான்? ஆஸ்பத்திரியா இருக்கலாம், காலேஜ் ஃபீஸா இருக்கலாம், வேற எடத்துல மாட்டுன கடனா இருக்கலாம். வேற யாரும் கடன் கொடுக்க மாட்டாங்கன்னு ஆனவன்தான் அம்மாம் தள்ளுவான். சீட்டு லாபமா ஓடுதுன்னா உள்ள உக்காந்திருக்குறவங்க கஷ்டத்துல ஓடுறாங்கன்னு அர்த்தம். அந்த ஆளுதான் இன்னும் 39 மாசம் தவறாம கட்டணும். அவன் கட்டுனாத்தான் உனக்குப் பணம்.

இதைத்தான் நீ கவனிக்கல மாப்ள. கழிவு கூடக் கூட லாபமும் கூடுது, எடுத்துட்டுப் போனவன் கட்டாம நிக்குற ஆபத்தும் சேந்தே கூடுது. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்து வர்றதுதான். நீ ஒண்ணை மட்டும் பாத்து சிரிக்குற.

கடைசி ஆளா நிக்குறது எம்மாம் தைரியம்னு யோசிச்சியா? 39-வது மாசம் முடிஞ்சப்ப, 39 பேரும் வாங்கிட்டுப் போய்ட்டாங்க. நீ ஒருத்தன்தான் வாங்காதவன். அது வரைக்கும் கிட்டத்தட்ட 1,70,000 கட்டியிருக்குற, ஒத்தப் பைசா பாக்கல. சீட்டு பிடிக்கிறவருக்கு உன் மேல இருந்த மரியாதை டீ கிளாசு மாதிரி, குடிச்சதும் கீழ வச்சாச்சி. நாற்பதாவது மாசம் மத்தவன் எல்லாம் 5,000 கொண்டாந்து வச்சாத்தான் உன் கல்யாணம் நடக்கும். வாங்கி முடிச்சவனுக்குக் கொண்டாந்து கொடுக்க என்னா அவசரம், சொல்லு?

நான் சீட்டுக்கு எதிரின்னு ஊருக்குள்ள சொல்லிராத. எடுக்குறவன் பக்கம் நின்னு பாரு. மொதல் மாசமே 60,000 தள்ளி 1,40,000 எடுத்தவன், மிச்ச 39 மாசம் கட்டுற கணக்கைப் போட்டா அவனுக்கு மாசம் நூத்துக்கு ஒரு ரூபா பத்துப் பதினஞ்சு காசுதான் வட்டி விழுது. நம்ம ஊர்ல புரோநோட்டுக்கு ரெண்டு வட்டி, மூணு வட்டி கேக்குறாங்களே, அதுக்கு முன்னால இது தங்கம். பத்திரம் அடமானம் வக்க வேணாம், பேங்கு மேனேஜர் வூட்டு வாசல்ல நிக்க வேணாம். ஜாமீன் கொடுத்தா போதும். பொங்கலுக்கு முந்தி சரக்கு எடுத்துப் போடணும், ஃப்ரீசர் பொட்டி வாங்கணும், கடைக்குப் புது ஷட்டர் போடணும், அப்பச் சீட்டு எடு. வர்ற யாவாரத்துல கட்டிக்கலாம். உன்னை மாதிரி சின்ன யாவாரிக்குச் சீட்டு நல்ல கடன்தான்.

நீ இப்பக் கேக்குறது கடனா? பொண்ணு காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்குது. மூணு, நாலு, அஞ்சு வருசத்துல கல்யாணம். மெதுவாச் சேக்கணும், போன எடத்துல பத்திரமா இருக்கணும், வேண்டிய நாள்ல முழுசா வரணும். இது கடன் வாங்குறவன் வேலை இல்லியே. கடன் வாங்குறவங்க கூட்டத்துல போயி நீ மட்டும் சேமிக்கிறேன்னு உக்காந்தா, ஜாமீன் வாங்காம கடன் கொடுக்குறவன் ஆயிடுற. பாக்கி நோட்டுல இருக்குறவங்களையே உன்னால வசூல் பண்ண முடியல. “கரும்புப் பணம் வந்தா தர்றேன்”னு மூங்கில்துறைப்பட்டு ஆலையைக் காட்டிட்டுப் போறான், நீயும் தலையாட்டுற.

சரி, ஆர்டிக்கு வா. சுவாரஸ்யமே கிடையாதுப்பா. ஏலம் இல்ல, சத்தம் இல்ல, யாரு எம்மாம் தள்ளுனாங்கன்னு பொம்பளைங்க பேசிக்க ஒண்ணும் இல்ல. போஸ்டாபீசு ஆர்டி 5 வருசம். மாசம் 100 ரூபாயில இருந்து போடலாம், பத்துப் பத்தாக் கூட்டிக்கலாம். 2023 அக்டோபர்ல இருந்து வட்டி 6.7 சதவீதம். சர்க்காரு மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டியை மாத்தும்தான், ஆனா நீ கணக்குத் தொறந்த நாளன்னிக்கு எது இருந்துச்சோ அதுதான் உன் கணக்குக்கு 5 வருசத்துக்கும். மாசம் 5,000 போட்டா கட்டுறது 3 லட்சம், முடியிறப்ப 3,56,800 சொச்சம் வரும். யாரு ஓடிப் போனாலும் அந்தப் பணம் ஓடாது, சர்க்காரு பொறுப்பு. பேங்குல போட்டா ஒரு பேங்குல ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும் காப்பீடு, 2020 பிப்ரவரியில 1 லட்சத்துல இருந்து ஏத்துனாங்க. வேளாண் கூட்டுறவு சொசைட்டியில போடுறதுக்கும், பேருக்குப் பின்னால நிதின்னு போட்டுக்குற கம்பெனியில போடுறதுக்கும் அந்தக் காப்பீடு கெடையாது. போர்டைப் பாத்து பேங்குன்னு நினைச்சிப் போவாத.

ஆர்டியை ஒழிக்கிறவன் யாருன்னா, சாட்சாத் நீதான். சீட்டுல ஒரு மாசம் கட்டலைன்னா சீட்டுக்காரர் கடை வாசல்ல வந்து நிப்பாரு. பத்துப் பேரு பாக்குறப்ப “இல்ல”ன்னு சொல்ல உனக்கு வெக்கம். அந்த வெக்கம்தான் உன்னைக் கட்ட வைக்குது. ஆர்டியில யாரும் வந்து கேக்க மாட்டாங்க. கல்லாப் பொட்டியில 5,000 இருக்கும், எண்ணெய் ஏஜெண்டு வந்து “ரெண்டு டின்னு எடுத்துக்கங்க, விலை ஏறப் போவுது”ம்பான். ஆர்டிக்குன்னு வச்சதைத் தூக்கி அவன்கிட்ட கொடுத்துருவ. ரெண்டாவது மாசமும் அதே. சீட்டுலதான் பணம் சேருதுன்னு ஊரே சொல்றதுக்கு இதுதான் காரணம். சீட்டு வட்டி தர்றதால சேரல, வெக்கம் சேக்க வைக்குது. அதுக்கு நீ கொடுக்குற கூலி அந்த 10,000 கமிஷன்.

அந்த வெக்கத்தைக் கொஞ்சம் கம்மியா விலைக்கு வாங்க ஒரு வழி இருக்குது. போஸ்டாபீசு ஆர்டிக்கு மகளிர் முகவர்னு இருக்காங்க. வூடு, கடைன்னு வந்து பணம் வாங்கிட்டுப் போய் கட்டுவாங்க. அவங்களுக்குக் கமிஷன் சர்க்காரு கொடுக்குது, உன் பையில இருந்து போவாது. அந்தம்மா மாசத்துக்கு ஒருக்கா வந்து கையை நீட்டுனா நீ கொடுத்துருவ, எனக்கு உன் குணம் தெரியும். ஆனா ஒண்ணு கேளு. அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்குற அட்டை, பணம் அவங்க கைக்குப் போனதுக்குத்தான் சாட்சி. போஸ்டாபீசுக்குப் போச்சாங்குறதுக்குப் பாஸ்புக்குதான் சாட்சி. மூணு மாசத்துக்கு ஒருக்கா பாஸ்புக்குல பதிவு இருக்குதான்னு உன் கண்ணால பாரு. சந்தேகப்படுறேன்னு அந்தம்மா கோவிச்சிக்க மாட்டாங்க, கோவிச்சிக்கிட்டா அன்னிக்கே போய்ப் பாரு.

வருமானம் ஒரே மாதிரி வராதுங்குறதும் எனக்குத் தெரியும். ஆடியில ஈ ஓட்டுற, கரும்புப் பணமும் மரவள்ளிக் கெழங்குப் பணமும் ஊருக்குள்ள வந்தா ஒரே மாசத்துல பழைய பாக்கி எல்லாம் வந்து குமியுது. அந்த மாசத்துல ஆர்டியில முன்கூட்டியே கட்டிரு. 1,000 ரூபா ஆர்டியில 6 மாசம் முன்னாடியே கட்டுனா 100 ரூபா தள்ளுபடி, 12 மாசம் கட்டுனா 400. பெரிய காசு இல்லதான், ஆனா அந்த மாசம் பணம் கையில கெடந்தா நீ என்னா பண்ணுவன்னு எனக்குத் தெரியும், போன வருசம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குன பாரு. கட்டாம விட்டா 100 ரூபாய்க்கு மாசம் 1 ரூபா அபராதம். தொடர்ந்து நாலு மாசம் விட்டா கணக்கு நின்னு போவும். அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்குள்ள பாக்கியைக் கட்டி உசுர் கொடுக்கலாம், அதையும் விட்டா மேல கட்ட முடியாது.

இப்ப நீ உள்ளுக்குள்ள ஒண்ணு வச்சிருக்குற, சொல்லட்டுமா? “ஜாதகம் வந்து பொருந்திப் போச்சின்னா? ரெண்டு வருசத்துலயே மாப்ள வூட்டுக்காரங்க தை மாசம் முகூர்த்தம்னு சொல்லிட்டா?” கேள்வி நியாயம். அந்த எடத்துல சீட்டுக்கு உண்மையிலயே ஒரு கை ஓங்குது, மறைக்க மாட்டேன். அதே சீட்டுல 25-வது மாசம் நீ எடுக்கணும்னு வையி. அப்ப 29,000 போல தள்ள வேண்டி வரும், கையில 1,71,000 வரும். அது வரைக்கும் நீ கட்டுனது 1,03,000 சொச்சம்தான். ஆர்டியில மாசம் 4,375 கட்டியிருந்தா, பேங்குல பாதியில முறிச்சதுக்கு வட்டி கொறச்சுக் கொடுப்பாங்க, அஞ்சரைன்னு வச்சாலும் 1,16,000-தான் வரும். சீட்டு உனக்கு 55,000 சாஸ்தி கொடுத்துருச்சி.

அந்த 55,000 யாரும் சும்மா கொடுக்கல. மிச்சம் 15 மாசத்துக்கு 71,600 கட்டணும். கல்யாணம் முடிஞ்சி, மறுவூடு முடிஞ்சி, தலைதீபாவளிக்கு மாப்ளைக்கு எடுத்துக் கொடுத்து, பேரனுக்கு மொட்டை போடுற வரைக்கும் சீட்டு கட்டிக்கிட்டே இருக்கணும். எடுக்குறப்ப ஜாமீன் கேப்பாங்க, பல எடத்துல சர்க்காரு உத்தியோகஸ்தன் கையெழுத்து வேணும்பாங்க. முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்குறப்ப பந்தல்காரனையும் சமையல்காரனையும் தேடுவியா, ஜாமீனுக்கு வாத்தியாரைத் தேடுவியா? இன்னொண்ணு, அந்த மாசம் உன்னை மாதிரியே இன்னும் ரெண்டு பேருக்கு தை முகூர்த்தம் இருந்துச்சின்னா, 29,000 கணக்கு காத்துல போவும். தை மாசத்துச் சீட்டு ஏலம் எப்பவுமே சூடுதான்.

அதனால ஆர்டியை அதுக்குத் தகுந்த மாதிரி வெட்டிப் போடணும். போஸ்டாபீசு ஆர்டியை 3 வருசத்துக்கு முந்தி முறிக்க முடியாது. 3 வருசம் கழிச்சி முறிச்சாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கொடுப்பாங்க. 12 மாசம் ஒழுங்காக் கட்டியிருந்தா, போட்டதுல பாதி வரைக்கும் கடன் தருவாங்க, ஆர்டி வட்டிக்கு மேல 2 சதவீதம் வட்டி. பேங்கு ஆர்டியை எப்ப வேணாலும் முறிக்கலாம், வட்டியில கொஞ்சம் வெட்டு. உன் 5,000-ஐ ஒரே கணக்கா போடாத. 3,000-ஐ ஆயிரம் ஆயிரமா மூணு கணக்கா போஸ்டாபீசுல போடு. மிச்சம் 2,000-ஐ பேங்குல ரெண்டு கணக்கா, ரெண்டு மூணு வருசத்துக்குப் போடு. ஜாதகம் சீக்கிரம் பொருந்துனா பேங்குக் கணக்கை முறி, போஸ்டாபீசுப் பாஸ்புக்கு மேல கடன் வாங்கு. மூணையும் தொட வேண்டியதில்ல, ஒண்ணு போதும்னா ஒண்ணு. ஒரே கணக்கா இருந்துச்சின்னா ஒரு தோட்டுக்காக மொத்தத்தையும் உடைப்ப.

பவுனைப் பத்திக் கேக்காத. கேட்டா ராத்திரி தூக்கம் வராது. சீட்டும் ஆர்டியும் ரெண்டும் அது பின்னால நொண்டிக்கிட்டுத்தான் ஓடுது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இம்மாம் சொல்லியும் நீ சீட்டுலதான் சேருவ. எனக்குத் தெரியும். அந்த டீக்கு அம்மாம் பவரு. சரி, சேரு. கடைக்காக சேரு, பொண்ணுக்காக சேராத. சேருறதுக்கு முந்தி அவருகிட்ட மூணு காகிதம் கேளு. சிரிச்சிக்கிட்டே கேளு, வெத்தல பாக்கு வச்சிக் கேளு, ஆனா கேளு.

1982-ல ஒரு சட்டம் போட்டாங்க, சீட்டு நிதிச் சட்டம். அதுப்படி சீட்டை ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே பதிவுத்துறையில இருக்குற சீட்டுப் பதிவாளர்கிட்ட அனுமதி வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும். 2 லட்ச ரூபா சீட்டுன்னா அந்த 2 லட்சத்துக்குச் சமமா சீட்டு பிடிக்கிறவரு பதிவாளர் பேருல ஈடு வைக்கணும். அப்புறம்தான் தொடக்கச் சான்று கொடுப்பாங்க. இந்தச் சீட்டுக்கான அந்தச் சான்று, உன் கைக்கு ஒப்பந்தத்தோட நகல், ஈடு வச்ச ரசீது. இதான் மூணு. கம்பெனி பேரைப் பதிஞ்சிருக்குறது வேற, இந்தச் சீட்டைப் பதிஞ்சிருக்குறது வேற. “எங்க கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணது”ன்னு ஃப்ரேம் போட்ட காகிதத்தைக் காட்டுனா, “அது சரிங்க, இந்தக் குரூப்போட நம்பரு?”ன்னு கேளு. அவரு மூஞ்சியை அப்பப் பாரு. 2019-ல திருத்தம் வந்து கமிஷன் வரம்பை அஞ்சுல இருந்து ஏழுக்கு ஏத்திட்டாங்க. அதனால அஞ்சா ஏழான்னும் கேட்டுக்க, நம்ம கணக்கே மாறும்.

பதிஞ்ச சீட்டுல ஏலத்தன்னிக்கு சந்தாதாரருங்க ரெண்டு பேராவது இருக்கணும். நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கி 21 நாளைக்குள்ள பதிவாளருக்கு அனுப்பணும். தகராறு வந்தா பதிவாளர்கிட்டயே வழக்கு போடலாம். ஊர்ச் சீட்டுல இது ஒண்ணும் கெடையாது. ஓடிப் போனா போலீசு ஸ்டேஷன்ல வரிசையில நிக்கணும். கேரளாவுல சர்க்காரே 1969-ல இருந்து கே.எஸ்.எஃப்.இ.ன்னு ஒரு கம்பெனி வச்சி சீட்டு நடத்துது. அங்க கடைசி ஆளா நிக்க நானும் தயார். மேற்கு வங்காளத்துல 2013-ல சாரதான்னு ஒண்ணு கவுந்துச்சே, பேப்பர்ல எல்லாம் சீட்டுக் கம்பெனின்னு போட்டாங்க. அங்க ஏலமும் இல்ல, 40 பேரும் இல்ல. ஜனங்க பணத்தை வாங்கி வாங்கிப் போட்டுக்கிட்ட கம்பெனி அது. அதனால சீட்டுன்னு பேரு சொன்னதும் பயப்படவும் வேணாம், நம்பவும் வேணாம்.

சீட்டு ஆட்டம் காணுறதுக்கு முந்தி சத்தம் வரும், காது இருந்தா கேக்கும். ஏலம் எடுத்தவனுக்கு அடுத்த வாரம், அடுத்த மாசம்னு பணம் தள்ளிப் போவும். இந்தச் சீட்டு பாதியில இருக்குறப்பவே “புதுசா ஒரு குரூப் ஆரம்பிக்கிறோம், நீங்கதான் மொத ஆளு”ன்னு வருவாரு. பழைய பள்ளத்தை நெரப்ப புது மண்ணு தேடுறாருன்னு அர்த்தம். ஏலத்துக்கு நீ போயிருக்கவே மாட்ட, “இந்த மாசம் இன்னார் எடுத்தாரு”ன்னு ஃபோன்ல மெசேஜ் மட்டும் வரும். எடுத்தவங்க பேரைக் கேட்டா அவரு மச்சான், தம்பி பொண்டாட்டி, மச்சான் தம்பின்னு சொந்தமா இருக்கும். இதுல ஒண்ணு கண்ணுல பட்டாலும், தள்ளுறது எம்மாம் ஆனாலும் பரவால்ல, அடுத்த ஏலத்துலயே கேட்டு எடுத்துரு. கடைசியில எடுத்தா லாபம்னு நான் போட்ட கணக்கை அன்னிக்குக் கிழிச்சிப் போடு.

ரெண்டு சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டியா, இன்னும் இல்லியா? இல்லைன்னா ஒண்ணு போதும்னு சொல்லிரு, அதுவும் அந்த மூணு காகிதம் வந்தப்புறம். இன்னொண்ணுக்கு வச்ச 5,000-ஐ எடுத்துக்கிட்டு, ஆதாரு, பான் கார்டு, ரெண்டு போட்டோவோட திங்கக்கெழம போஸ்டாபீசுக்குப் போ. தேதி 15-க்குள்ள தொறந்தா ஒவ்வொரு மாசமும் 15-க்குள்ள கட்டணும், 16-க்கு மேல தொறந்தா மாசக் கடைசி வரைக்கும் டயம் இருக்குது. உனக்குச் சந்தைக் காசு எப்ப வருதோ அதைப் பாத்துத் தேதியை வச்சிக்க. வாரிசுதாரர் எடத்துல பொண்ணு பேரை எழுதிரு. பாஸ்புக்கைக் கடையில வைக்காத, வூட்டுக்காரிகிட்ட கொடு. எண்ணெய் ஏஜெண்டுக்கு அவங்க இருக்குற எடம் தெரியாது.